ஆன்லைன் லிஸ்டிங்கில் குர்தா, சட்டைக்கு மார்பு, ஷோல்டர், நீளம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேக்கிலேயே 40, 42 என்று சைஸ் இருக்கிறதே, தனியாக அளவு வேறு எழுத வேண்டுமா?

வேண்டும். அந்த 40 எதைக் குறிக்கிறது என்று டேக் சொல்வதில்லை. குர்தாவில் 40 என்றால் பெரும்பாலும் 40 இஞ்ச் மார்பு உள்ளவருக்குத் தைத்தது என்று பொருள். ஃபார்மல் சட்டையில் அதே 40 பல சமயம் காலர் அளவு, அதுவும் சென்டிமீட்டரில். 40 செ.மீ. என்பது 15¾ இஞ்ச் கழுத்து. மார்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டு எண்களும் 38, 39, 40, 42 என்று ஒரே வட்டாரத்தில் விழுவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. காலர் 40 போடுபவர் குர்தாவிலும் 40 எடுப்பார். சில பேருக்கு அது பொருந்தியும் விடும், அதனால் குழப்பம் வெளியே தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

எம், எல், எக்ஸெல் என்பவை இதைவிட மோசம். ஒருவருடைய எல் இன்னொருவருடைய எம். ஆகவே சைஸ் எண்ணை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் முடிவெடுப்பது அதன் பக்கத்தில் நீங்கள் எழுதும் அளவை வைத்துத்தான்.

"மார்பு 42" என்று எழுதினால் போதாதா?

போதாது. நான் வாங்கிய முதல் அடி இதில்தான். லிஸ்டிங் எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு காட்டன் சட்டையை மேஜையில் போட்டு அளந்தேன். மார்புப் பக்கம் 21 இஞ்ச் அகலம், இரண்டால் பெருக்கினால் 42. "மார்பு: 42 இஞ்ச்" என்று எழுதிப் போட்டுவிட்டேன். எண் சரி, பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சட்டை 38 இஞ்ச் உடம்புக்காகத் தைத்தது. தன் மார்பை 42 என்று அளந்து வைத்திருந்த ஒருவர் அதைப் பார்த்து வாங்கினார். பட்டன் போட முடிந்திருக்கிறது, மூச்சு விடத்தான் முடியவில்லை. அளவு தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று திட்டி எழுதினார். சட்டையைத் திரும்ப வாங்கி மறுபடி அளந்தேன். அதே 42. அன்றைக்குத்தான் விஷயம் உறைத்தது: அவர் சொன்னது உடம்பின் 42, நான் எழுதியது துணியின் 42.

இரண்டு அளவு இருக்கிறது. ஒன்று உடம்பு அளவு, அதாவது ஆளின் மார்பைச் சுற்றி டேப் வைத்தால் வருவது. இன்னொன்று துணி அளவு, தைத்து முடித்த சட்டையின் மார்புச் சுற்றளவு. இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் தையல்காரர்கள் லூஸ் என்கிறார்கள். கையைத் தூக்க, குனிய, மூச்சு விட அந்த லூஸ் வேண்டும். வெறும் "மார்பு" என்ற சொல் இரண்டில் எது என்று சொல்லாது. "சட்டையின் மார்புச் சுற்றளவு 42 இஞ்ச், 38 இஞ்ச் மார்பு உள்ளவருக்கு" என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. கூடுதலாக நான்கைந்து சொல், அவ்வளவுதான்.

சரி, லூஸ் எவ்வளவு என்று வைத்துக்கொள்வது?

நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, தைத்தவர் ஏற்கெனவே வைத்துவிட்டார். எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் நம் வேலை. துணி அளவிலிருந்து, அந்த சைஸ் எந்த உடம்புக்கு என்று தைத்தவர் சொன்ன அளவைக் கழியுங்கள். உத்தேசமாகச் சொன்னால், நீளாத நெசவுத் துணியில் ஒட்டினாற்போல் தைத்த சட்டையில் 3 முதல் 4 இஞ்ச் இருக்கும். சாதாரண சட்டையில் 4 முதல் 6. குர்தாவில் 4-இல் ஆரம்பித்து, தொளதொளவென்று தைத்ததில் 8 வரைகூடப் போகும்.

கழித்துப் பார்த்து 2 இஞ்சோ அதற்குக் குறைவாகவோ வந்தால் நில்லுங்கள். ஒன்று, அளந்ததில் தப்பு. இல்லையென்றால் துணியில் நீளும் நூல் கலந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் டேக்கில் போட்டிருக்கும் சைஸை நம்ப முடியாது, தைத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்தக் கழித்தல் நல்ல சோதனை. விடுபட்ட பிழைகளில் பாதியை இதிலேயே பிடித்துவிடலாம்.

சட்டையை எப்படிப் போட்டு அளப்பது? ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறதே.

வரும். பெரும்பாலும் தப்பு டேப்பில் இல்லை, துணி கிடக்கும் விதத்தில் இருக்கிறது. கட்டிலில் போட்டு அளக்காதீர்கள். மெத்தை உள்வாங்கும், துணியும் கூடவே போகும். மேஜை அல்லது தரை வேண்டும். மடிப்பு விழுந்திருந்தால் லேசாக இஸ்திரி போட்டுவிடுங்கள். சட்டை என்றால் காலரிலிருந்து கடைசி வரை எல்லாப் பட்டனையும் போட வேண்டும், நடுவில் ஒன்றை விட்டாலும் முன்பக்கம் விரிந்து அரை இஞ்ச் கூட்டிக் காட்டும். முன்பக்கம் மேலே தெரிய விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவி விடுங்கள். தடவ வேண்டும், இழுக்கக் கூடாது. முதுகில், தோளை ஒட்டி வரும் யோக் துண்டுக்குக் கீழே மடிப்பு வைத்துத் தைத்த சட்டைகள் உண்டு. அந்த மடிப்பு மூடியே கிடக்கட்டும். அதைப் பிரித்து அளந்தால் இல்லாத இரண்டு இஞ்ச் கணக்கில் ஏறிவிடும்.

இப்போது மார்பு. உடலும் கையும் சேரும் தையலும் பக்கவாட்டுத் தையலும் சந்திக்கும் இடம்தான் அக்குள். அந்த மூலையிலேயே டேப்பை வைத்தால், தையல் கனமாகக் குவிந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். அதனால் அக்குளுக்கு ஓர் இஞ்ச் கீழே, இந்தப் பக்க ஓரத்திலிருந்து அந்தப் பக்க ஓரம் வரை நேராக அளங்கள். வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. இந்தப் பெருக்கலால் உங்கள் தவறும் இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம். அகலத்தில் அரை இஞ்ச் பிசகினால் சுற்றளவில் ஓர் இஞ்ச், அதாவது பாதி சைஸ். ஆகவே அகலத்தை மட்டுமாவது கால் இஞ்ச் சுத்தமாக எடுங்கள். மூன்று முறை அளந்து, நடுவில் வரும் எண்ணை எழுதலாம்.

குர்தாவில் இன்னொன்று. சில குர்தாக்களில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், கை தாராளமாக அசைய. மடித்துப் போட்டால் அது முக்கோணமாகத் தெரியும். அந்தத் துண்டு முடிகிற இடத்துக்குக் கீழே அளக்க வேண்டும். மேலே அளந்தால் துண்டின் அகலமும் சேர்ந்துகொண்டு மார்பு பெரிதாகக் காட்டும். பக்கங்களில் கலி எனும் சாய்வுத் துண்டு வைத்து விரித்துத் தைத்த குர்தாவில், கீழே போகப் போக அகலம் கூடும். அதிலும் அக்குளிலிருந்து ஓர் இஞ்ச் என்ற கணக்கை மாற்றாதீர்கள்.

அப்புறம் டேப். பழைய துணி டேப் வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட டேப்பால் அளந்தால் எல்லாம் குறைவாகவே வரும். ஒரு இரும்பு ஸ்கேலில் வைத்து, 12 இஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று எப்போதாவது பார்த்துக்கொள்ளுங்கள். என் மேஜையில் இருந்த டேப் ஒன்று 12 இஞ்சுக்கு ஒரு நூல் அதிகம் நீண்டிருந்தது. ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. குர்தா நீளத்தில் அது கிட்டத்தட்ட அரை இஞ்சாகிவிடும்.

ஷோல்டர் எங்கிருந்து எங்கே?

சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கம் மேலே தெரியப் போடுங்கள். இடது கை உடலோடு சேரும் தையலின் உச்சியிலிருந்து, வலது கைத் தையலின் உச்சி வரை, ஒரே நேர்க்கோட்டில். டேப் காலரின் மேல் ஏறி இறங்கக் கூடாது. தோள் சரிவைத் தொடர்ந்து போய்க் காலரடியைத் தொட்டு இறங்கினால் அரை இஞ்சுக்கும் மேல் கூடிவிடும், ஷோல்டரில் அரை இஞ்ச் என்பது ஒரு முழு சைஸ் வித்தியாசம். மார்பு ஒவ்வொரு சைஸுக்கும் 2 இஞ்ச் ஏறும்போது ஷோல்டர் பொதுவாக அரை இஞ்ச்தான் ஏறும்.

மூன்று அளவில் எதை அதிகக் கவனமாக எடுக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மார்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், பிடித்துத் தைக்கவும் முடியும். நீளம் அதிகமென்றால் மடித்துத் தைக்கலாம். ஷோல்டர் இறங்கி நின்றால் கையைப் பிரித்து மறுபடி ஏற்றித் தைக்க வேண்டும், அந்த வேலைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கைத் தையல் தோளிலிருந்து இறங்கிப் புஜத்தில் விழும்படி வேண்டுமென்றே தைத்த சட்டைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றிலும் தையலுக்குத் தையல்தான் அளவு, ஆனால் "தோள் இறங்கிய தையல், ஷோல்டர் 21 இஞ்ச் என்பது சரிதான்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 18 போடுகிற ஆள் பயந்து இரண்டு சைஸ் சின்னதாக எடுப்பார். தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்து சாய்வாகக் கை இறங்கும் மாதிரியில் ஷோல்டர் என்ற அளவே கிடையாது. அங்கே பின்கழுத்து நடுவிலிருந்து கை நுனி வரை அளந்து, அப்படி அளந்ததாகச் சொல்லுங்கள். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று ஓர் எண்ணைக் கற்பனை செய்து போடாதீர்கள்.

நீளத்தை முன்பக்கம் அளப்பதா, பின்பக்கமா?

எதுவானாலும் சரி, எந்தப் புள்ளியிலிருந்து என்று எழுதிவிட்டால். நான் எடுப்பது முன்பக்கம், காலர் தோள் தையலைத் தொடும் இடத்திலிருந்து கீழ் மடிப்பு வரை. அதுதான் சட்டையின் உச்சிப் புள்ளி. பின்கழுத்தின் நடுவிலிருந்து அளப்பவர்களும் உண்டு. அந்த இடம் உச்சியைவிடச் சற்றே கீழே இருப்பதால், அதே குர்தா ஓர் இஞ்ச் போலக் குறைவாகக் காட்டும். நீங்கள் ஒரு புள்ளியிலும் வாங்குபவர் தன் பழைய குர்தாவில் இன்னொரு புள்ளியிலும் அளந்தால், துணி சரியாக இருந்தும் ஏமாற்றமாகத் தெரியும். காலரின் மேல் நுனியிலிருந்து மட்டும் அளக்காதீர்கள், காலர் உயரம் நீளத்தில் சேராது.

வளைந்த அடி வைத்த சட்டையில் நடுப்பகுதி நீளம், பக்கம் குட்டை. நடுவில் 30 இஞ்ச் இருக்கும் சட்டை பக்கவாட்டில் 27 தான் இருக்கலாம். பேன்ட்டுக்குள் விடாமல் வெளியே விட்டுப் போடுபவருக்கு அந்த 27 தான் முக்கியம். இரண்டையும் எழுதுங்கள்.

குர்தாவுக்கு நீளத்தோடு பக்க ஓபன் எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் வேண்டும். கீழ் மடிப்பிலிருந்து மேலே எத்தனை இஞ்ச் என்று சொன்னால் போதும். பைஜாமாவின் இடுப்புப் பட்டி தெரியுமா தெரியாதா என்பது அதில்தான் இருக்கிறது. "முழங்கால் வரை" என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். யாருடைய முழங்கால்? ஐந்தரை அடிக்காரருக்கு முழங்காலைத் தொடும் குர்தா, ஆறடிக்காரருக்குத் தொடையிலேயே நின்றுவிடும். அப்படிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், படத்தில் போட்டிருப்பவரின் உயரத்தையும் அவர் போட்டிருக்கும் சைஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு குர்தாவை எடுத்து முழுசாக எழுதிக் காட்ட முடியுமா?

நேராகத் தைத்த முழுக்கை காட்டன் குர்தா, டேக்கில் 42. மேஜையில் போட்டு அளந்தபோது அக்குளுக்கு ஓர் இஞ்ச் கீழே 22⅞, 23, 23 என்று வந்தது. 23 என்று எடுத்துக்கொண்டேன், சுற்றளவு 46. தைத்தவர் 42 இஞ்ச் மார்புக்கு என்று சொன்னதால் லூஸ் 4 இஞ்ச். குர்தாவுக்கு இது அளவான லூஸ், தொளதொள இல்லை. இதை வார்த்தையிலும் சொல்லியாக வேண்டும். ஷோல்டர் 18½. நீளம் தோள் உச்சியிலிருந்து 41. பக்க ஓபன் கீழிருந்து 14. கை, தோள் தையலிலிருந்து நுனி வரை, 24½.

அதே குர்தாவின் மற்ற சைஸ்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தபின் வந்த பட்டியல் இது. எல்லாம் இஞ்சில்.

| சைஸ் | உங்கள் மார்பு (உடம்பில்) | குர்தாவின் மார்புச் சுற்றளவு | ஷோல்டர் | நீளம் |
|---|---|---|---|---|
| 38 | 37–38 | 42 | 17½ | 40 |
| 40 | 39–40 | 44 | 18 | 40½ |
| 42 | 41–42 | 46 | 18½ | 41 |
| 44 | 43–44 | 48 | 19¼ | 41½ |

44-இன் ஷோல்டரைப் பாருங்கள். வரிசைப்படி 19 வந்திருக்க வேண்டும், டேப் 19¼ காட்டியது. இன்னொரு உருப்படியை எடுத்து அளந்தேன், அதுவும் 19¼. அதனால் அதையே எழுதினேன். ஒரு சைஸை மட்டும் அளந்துவிட்டு மற்றதற்கு 2 இஞ்ச், அரை இஞ்ச் என்று கூட்டிப் போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பார்க்கப் பட்டியல் அழகாக இருக்கும், துணி அப்படி இருக்க வேண்டுமே.

பட்டியலுக்கு மேலே போட்ட வரிகள் இவை: "நேரான வெட்டு. உடம்பில் ஒட்டாது, தொளதொளவென்றும் இருக்காது. மார்பில் 4 இஞ்ச் லூஸ் விட்டுத் தைத்தது. நீளம் தோள் உச்சியிலிருந்து அளந்தது. பக்க ஓபன், சைஸ் 42-இல், கீழிருந்து 14 இஞ்ச். படத்தில் இருப்பவர் உயரம் 5 அடி 10 இஞ்ச், மார்பு 40, அணிந்திருப்பது சைஸ் 40."

இதை வைத்து ஒருவர் எப்படி முடிவெடுப்பார்? மார்பு 41 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'உங்கள் மார்பு' கட்டத்தைப் பார்த்தால் சைஸ் 42. அவரிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்று இருக்கிறது, அளந்தால் மார்பு அகலம் 22½, ஷோல்டர் 18. நம் 42-இல் அகலம் 23, ஷோல்டர் 18½. அவர் சட்டையைவிடச் சுற்றளவு ஓர் இஞ்ச், தோள் அரை இஞ்ச் அதிகம். குர்தாவுக்கு அது போகட்டும் என்று 42 எடுக்கலாம். தோள் கச்சிதமாக வேண்டும் என்பவர் 40-க்குப் போவார், அப்போது சுற்றளவு 44, அவர் உடம்புக்கு 3 இஞ்ச் லூஸ்தான் மிஞ்சும், குர்தாவுக்கு அது இறுக்கம். இப்படி யோசித்து எடுத்தவர் குர்தாவைத் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

"எப்படி அளப்பது" என்ற குறிப்பில் என்ன எழுதுவது? உடம்பை அளக்கச் சொல்வதா, சட்டையையா?

சட்டையை முதலில் சொல்லுங்கள், உடம்பை இரண்டாவதாக. தனியாக நின்று தன் ஷோல்டரைத் தானே அளக்க யாராலும் முடியாது. மார்பை அளக்கும்போதும் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள், டேப் முதுகில் இறங்கிவிடும். நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டை மேஜையில் அசையாமல் கிடக்கும்.

நான் போடும் குறிப்பு இதுதான்:

"உங்களிடம் நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை எடுங்கள். டி-ஷர்ட் வேண்டாம், அது இழுபடும். பட்டன்களைப் போட்டு மேஜையில் விரியுங்கள். அக்குளுக்கு ஓர் இஞ்ச் கீழே, ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். இதைப் பட்டியலில் 'குர்தாவின் மார்புச் சுற்றளவு' என்ற கட்டத்தோடு ஒப்பிடுங்கள். சட்டையைத் திருப்பிப் போட்டு, ஒரு கைத் தையலிலிருந்து மறு கைத் தையல் வரை நேராக அளந்தால் ஷோல்டர்.

சட்டை இல்லையென்றால், மார்பின் அகலமான இடத்தில், அக்குளுக்கு அடியில், டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். கைகளைத் தொங்கவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். டேப் உடம்பைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இதை 'உங்கள் மார்பு' என்ற கட்டத்தோடு ஒப்பிடுங்கள். லூஸ் நாங்கள் சேர்த்திருக்கிறோம், நீங்கள் கூட்ட வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு அளங்கள் என்று எழுதுவது வழக்கம். அதில் முக்கால் இஞ்ச், ஓர் இஞ்ச் கூடும். அதன் மேல் வாங்குபவர் தானாக "லூஸுக்கு ரெண்டு" சேர்ப்பார். பட்டியலில் ஏற்கெனவே 4 இருக்கிறது. மூன்று பேர் மூன்று முறை லூஸ் விட்டால் ஆளுக்குப் பதில் கூடாரம்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். குறிப்பில் எந்தக் கட்டத்தோடு ஒப்பிட வேண்டும் என்று பெயரைச் சொல்லியிருக்கிறேன். பட்டியலின் தலைப்பில் உள்ள அதே சொல் குறிப்பிலும் வர வேண்டும். பட்டியலில் "செஸ்ட்", குறிப்பில் "மார்பு", படத்தில் "நெஞ்சளவு" என்று மூன்று பெயர் வைத்தால், மூன்றும் வேறு வேறு என்று நினைப்பவர் கட்டாயம் இருப்பார்.

ஒரே சைஸில் இரண்டு சட்டையை அளந்தால் அரை இஞ்ச் வித்தியாசம் வருகிறது. எதை எழுதுவது?

கையால் ஓட்டித் தைப்பதில் அது சகஜம். மூன்று உருப்படியை அளந்து நடுவில் வருவதை எழுதி, "மார்புச் சுற்றளவில் அரை இஞ்ச் கூடலாம், குறையலாம்" என்று ஒரு வரி போடுங்கள். ஓர் இஞ்சுக்கு மேல் மாறினால் அது எழுதித் தீர்க்கும் விஷயம் இல்லை, சரக்கைத் திருப்பிப் பாருங்கள். முக்கியமாக, புது லாட் வந்தால் பழைய அளவை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மாடலில் கறுப்பும் வெள்ளையும் வேறு வேறு நாளில் வெட்டப்பட்டிருக்கும், துணியின் சுருக்கமும் வேறாக இருக்கும்.

துவைத்தால் சுருங்குமே, அதைக் கழித்து எழுதவா?

கழிக்க வேண்டாம். கையில் இருக்கும் அளவை எழுதி, பக்கத்தில் "துவைக்கும் முன் எடுத்த அளவு" என்று சொல்லுங்கள். முன்பே சுருக்கம் எடுத்த துணியா என்று தைத்தவரிடம் கேளுங்கள். எடுக்காத காட்டன் முதல் துவைப்பில் நீளவாக்கில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். அகலத்தில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, ஏனென்றால் தறியில் இழுத்துக் கட்டப்படுவது நீளவாக்கு நூல்தான், தண்ணீர் பட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மேலே சொன்ன 41 இஞ்ச் குர்தாவை வீட்டில் ஒரு முறை துவைத்து, நிழலில் உலர்த்தி அளந்தேன். நீளம் 39½, மார்பு 45¼. அதனால் அந்த லிஸ்டிங்கில் "முதல் துவைப்பில் நீளம் ஒன்றரை இஞ்ச் வரை குறையும், மார்பு முக்கால் இஞ்ச்" என்று எழுத முடிந்தது. "லேசாகச் சுருங்கலாம்" என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு துணி வகைக்கும் ஓர் உருப்படியைத் தியாகம் செய்தால் போதும், நஷ்டம் இல்லை, நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இஞ்சா, சென்டிமீட்டரா?

இரண்டும், தனித்தனிப் பட்டியலில். ஒரே கட்டத்தில் இரண்டையும் திணித்தால் ஃபோனில் படிக்க முடியாது. 1 இஞ்சுக்கு 2.54 செ.மீ. சுற்றளவை மாற்றும்போது அகலத்தை மாற்றிப் பெருக்காதீர்கள், சுற்றளவையே மாற்றுங்கள். இல்லையென்றால் முழு எண்ணாக்குவதில் வரும் சின்னப் பிழை இரட்டிக்கும்.

அளவுப் பட்டியலைப் படமாகப் போட்டால் போதுமா?

படம் கூட இருக்கட்டும், ஆனால் எழுத்தாகவும் இருக்க வேண்டும். படத்தில் உள்ள எண் ஃபோனில் எறும்பு மாதிரி தெரியும், தேடலில் வராது, பார்வை குறைந்தவருக்குப் படித்துக் காட்டும் செயலியாலும் பல சமயம் சரியாக வாசிக்க முடியாது. அளவு மாறினால் படத்தை மாற்ற மறந்துவிடுவோம் என்பது வேறு. படம் உண்மையிலேயே உதவுவது ஒரே இடத்தில்தான்: விரித்துப் போட்ட சட்டையின் மேல் மூன்று கோடு போட்டு, மார்பு இங்கே, ஷோல்டர் இங்கே, நீளம் இங்கே என்று காட்டுவதற்கு.

தொப்பை உள்ளவர்கள் மார்பு சரியாக இருந்தும் பிடிக்கிறது என்கிறார்கள். அதற்கு என்ன எழுதுவது?

வயிற்றுச் சுற்றளவையும் ஒரு கட்டமாகச் சேருங்கள். அக்குளிலிருந்து 8 இஞ்ச் கீழே அகலத்தை அளந்து இரட்டியுங்கள், எங்கே அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இடுப்பில் ஒடுக்கித் தைத்த சட்டையில் இது மார்பைவிட 2, 3 இஞ்ச் குறைவாக இருக்கும், பட்டன்களுக்கு நடுவே துணி பிளந்து நிற்பது அங்கேதான். குர்தாவில் ஒடுக்கம் குறைவு, ஆனால் அதைத் தலைவழியாகப் போட வேண்டும், பட்டன் பட்டி பாதியிலேயே நின்றுவிடும். மார்பில் கச்சிதமாக எடுத்தவருக்குத் தோளைத் தாண்டி இறங்காமல் மாட்டிக்கொள்ளும். அதனால் குர்தாவுக்கு மட்டும், "இரண்டு சைஸுக்கு நடுவில் இருந்தால் பெரியதை எடுங்கள்" என்று தயங்காமல் எழுதுவேன். சட்டைக்கு அப்படி எழுத மாட்டேன், அங்கே ஷோல்டர் எது பொருந்துகிறதோ அதை எடுக்கச் சொல்வேன்.